இப்படிப் போட்டுக்கோங்க

மகாராஜன் சாரின் பாய்ம இயக்கவியல் வகுப்பை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டு ஒரே தாளில் அட்டவணையாக்கியவள் விஜிலா. ரெனால்ட்ஸ், ஃப்ரூடு, மாக் என்று பரிமாணமற்ற எண்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் பொருள், சூத்திரம், வழக்கமான எல்லை. அந்தத் தாளை மாணவர்கள் தேர்வு அறைக்குள்ளேயே கொண்டுபோகலாம் என்று சார் சொல்லிவிட்டார். தூத்துக்குடிக் கல்லூரியில் நாலு வருடமாக ஒப்பந்த ஆசிரியையாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு அது பெரிய காரியம்தான். வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். சிபாரிசு சாருடையது.

புதன்கிழமை மத்தியானம் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள். மதகுக்குக் கீழே தண்ணீர் நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில், நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. அது எந்த வகையில் எகிறித் தாவும் என்பது கேள்வி. நாற்பது பேர் அட்டவணையைப் பார்த்து ஃப்ரூடு எண் 9.17, 'வலுத்த தாவல்' என்று எழுதியிருந்தார்கள். நாற்பதுக்கும் முழு மதிப்பெண். நாற்பத்தொன்றாவது தாள் இசக்கிசெல்வியுடையது. அவள் 3.03, 'ஊசலாடும் தாவல்' என்று எழுதி, குறுக்கே கோடடித்து, கீழே 9.17 என்று மாற்றியிருந்தாள்.

'பாவம், குழம்பிட்டா' என்று சிரித்தபடி கணக்கைப் போட்டுப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். 9.17க்கு வர்க்கமூலம் 3.03.

ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டாள். "நிலைம விசைக்கும் ஈர்ப்பு விசைக்கும் உள்ள விகிதம். அதை இப்படிப் போட்டுக்கோங்க" என்றது சாரின் குரல். அப்புறம் சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம் மட்டும். அந்தக் கிறீச்சுதான் வர்க்கமூலக் குறி. பலகையைப் பார்க்காத விஜிலா, பொருளை வைத்துச் சூத்திரத்தைத் தானே கட்டிவிட்டாள். அட்டவணையிலிருந்த எல்லைகளோ வர்க்கமூலம் எடுத்த எண்ணுக்கானவை.

சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாருக்கும் மார்க்கைப் போட்டுட்டு, அட்டவணைத் தாளை மட்டும் சத்தமில்லாம மாத்திருங்க மேடம். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயத் திறக்காதீக. நேர்காணல் கமிட்டில ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும், எல்லாம் போச்சு."

"ஊசலாடும் தாவல்தான் கீழே கரையை அரிக்கும் சார். நாளைக்கு இவங்க மதகு கட்டுவாங்க."

"நான் சொல்லுதத சொல்லிட்டேன். பெறகு உங்க இஷ்டம்."

அங்கிருந்து நேரே வகுப்புக்கு நடந்தாள். பயம்தான், வேறென்ன. ஆனாலும் பலகையில் அந்த வர்க்கமூலக் குறியைப் பெரிதாகப் போட்டு, "தப்பு சார் மேல இல்ல. நான்தான் விட்டுட்டேன்" என்றாள். வகுப்பு கசமுசாவென்றது. இதற்குள் சேதி யார் போனில் யாருக்குப் போயிருக்குமோ.

இசக்கிசெல்வியிடம் அவள் விடைத்தாளை நீட்டினாள். "சரியாத்தான போட்டிருக்க. ஏன் அடிச்ச?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு மிஸ். நீங்க தப்பாப் போட மாட்டீங்கன்னு அடிச்சிட்டேன்."