கார்டுக்கு அடியில் வெந்தது

“இது தேறாத டிரைவ், அண்ணி. மாத்திடலாம்” என்று கடுப்பில் கத்தினேன். எங்கள் கடைக்குப் பழுது பார்க்க வந்த அந்தச் சின்னக் கணினியில், அதன் சேமிப்பு டிரைவுக்கு வீடியோக்களை நகலெடுக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வேகம் படுத்துவிடும்.

அண்ணி திரையில் டிரைவின் சூட்டைக் காட்டினார். எண்பத்து நான்கு டிகிரி. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் அது வெந்துகொண்டிருந்தது. மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினார். சூடு இறங்க இறங்க, வேகம் தானாக ஏறியது.

டிரைவின் சூட்டை இழுத்து வெளியேற்ற, ஹீட்சிங்க் என்னும் உலோகத் தகட்டை வைத்துப் பார்த்தோம்; உயரமானது கார்டில் இடித்தது. தட்டையான ஒன்றைப் பொருத்தினோம். அதன்பின் வேகம் குறையவே இல்லை.

“முன்னாடி திணறினப்போ எழுதின ஃபைலை எல்லாம் பாரு” என்றார் அண்ணி.

மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அந்தச் சூட்டுலயும் வேகத்தைத்தான் விட்டுச்சு,” என்றார், “வேலையை விடல.”