செண்பகத்தின் ஐந்து விநாடி

குப்புராஜ் தெரிந்தேதான் வெட்டினான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர். ஷிப்டு முடிந்து கவரைப்பேட்டை வாடகை அறையில் உட்கார்ந்து, தமிழில் விளக்கி இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் சேனலை ஒண்டி ஆளாக வளர்த்தவன். முதல் நிலையில் இருபது பாடம். லீவு கேட்பது, கேட்டில் பெயர் சொல்வது என்று தொடங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பயிற்சி. படிக்கிறவர்கள் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்தக் குழுவில் படித்துத் தேறியவள்தான் அதே கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன் செண்பகம். நம்மில் ஒருத்தி பேசினால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும் என்று அவனேதான் அவளைக் கேமரா முன் நிறுத்தினான்.

அவன் பாடத்துக்கு ஒன்பது குரல் பதிவு வந்தால் அவள் பாடத்துக்கு நாற்பது வந்தது. 'அண்ணா வேணாம், அக்காவே வரட்டும்' என்று ஒருவர் எழுதியிருந்த அன்று குப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நிலையின் முதல் பாடம் அவளுடையது. சூப்பர்வைசர் மாதிரி ஒரு கேள்வி கேட்பாள். படிக்கிறவர்கள் பதில் சொல்லிப் பார்க்க ஐந்து விநாடி பேசாமல் இருப்பாள். பிறகு சரியான பதிலைச் சொல்வாள். எடிட்டிங்கில் அந்த ஐந்து விநாடிகளை ஒன்றுவிடாமல் நறுக்கி ஏற்றிவிட்டான்.

மூன்றே பதிவு வந்தது. ஞாயிறு மதியம் அவன் நிம்மதியாகப் பிரியாணி தின்றுகொண்டிருந்தபோது செண்பகம் போனோடு வந்து நின்றாள்.

"இத்தக் கேளுண்ணா."

போனில், குழுவில் படிக்கும் பெயின்ட் ஷாப் பரசுராமனின் குரல். "அக்கா, நீங்க கேட்டுக்கினு நீங்களே பதிலும் சொல்லிட்டுப் போய்க்கினே கீறீங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிபூடுது. ரெண்டாவது லெவலு நம்பளுக்கு இல்லபோலக்கா. நான் நிறுத்திக்கறேன்."

"ஸ்பீடா இருந்தாதான் பாப்பாங்கன்னு…" என்று இழுத்தான்.

"யார்கிட்ட கத வுடற? டேபிளுக்குக் கீழ வெரலு வுட்டு எண்ணிக்கினு நின்னேனே, எதுர நீதான நின்ன? என் மேல காண்டுன்னா என்னிய திட்டு. அந்த ஆளு இன்னா பண்ணாரு?"

குப்புராஜ் கை கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். ஏற்றிய வீடியோவுக்குள் வெட்டியதை மறுபடி ஒட்ட வழியில்லை. முழுசாகப் புதிதாக ஏற்ற வேண்டும். பழைய வீடியோவை நீக்கினால், 'எடிட்டிங் சூப்பர் சார்' என்று அவனைப் பாராட்டி வந்த ஒரே கமென்டும் சேர்ந்து போகும். அதை இரண்டு முறை படித்துவிட்டு நீக்கினான்.

வெட்டாத வீடியோவை ஓட்டிப் பார்த்தான். "ஒய் ஆர் யூ லேட்?" என்று கேட்டுவிட்டு செண்பகம் திரையிலிருந்து அவனையே பார்த்தாள். அவசரப்படுத்தாத பார்வை. அவனுக்கு அது வராது.

ஏற்றும்போது கீழே 'ஆசிரியர்: செண்பகம்' என்று அடித்தான். கொஞ்சம் யோசித்து, அதற்கு மேலே 'சேனல் நிறுவனர்: குப்புராஜ்' என்று சேர்த்தான்.

பின்னால் நின்றவள் சிரித்துவிட்டாள். "போட்டோவும் வேணும்னா போட்டுக்கோண்ணா. அந்த அஞ்சு செகண்டுல மட்டும் கைய வெக்காத."