ஒரு வார்த்தைக்குப் பதினொரு பக்கம்

1953ஆம் வருஷம் ஜூன் மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்லூரி ஆபீசில் அட்மிஷன் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தக் காலத்தில் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடியும். நடுவில் விஷயம் இருக்கும். சில சமயம் இருக்காது.

அன்று வந்த போஸ்ட் கார்டில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

'பீஸ்?'

கீழே, 'ப. முனீர், கடப்பாக்கம்.' அவ்வளவுதான். ஐயா இல்லை, அம்மா இல்லை. எந்த வகுப்பு, எந்த குரூப், ஹாஸ்டல் வேண்டுமா, எதுவும் இல்லை. சீலிங் பேன் ரிப்பேரில் இருந்த நாள் அது. ஆனாலும் மேஜை மேலிருந்த காகிதங்கள் என் பெருமூச்சில் பறந்து பக்கத்து அறை வரை போனதாக பியூன் பிறகு சொன்னான்.

பழி வாங்குவது என்று தீர்மானித்தேன்.

பழி என்றால் பொய் எழுதுவதல்ல. நான் ஆபீஸ் மனிதன். உள்ளதை உள்ளபடி, ஒன்றும் விடாமல் எழுதினேன். இன்டர்மீடியட்டில் ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியாகச் சம்பளம், அது எந்தெந்த டெர்மில் கட்ட வேண்டும், லாபரட்டரி பீஸ், லைப்ரரி பீஸ், விளையாட்டு பீஸ், வைத்தியப் பரிசோதனை பீஸ், உடைக்கப்போகும் கண்ணாடிக் குழாய்களுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை, எந்தப் பாக்கியைக் கட்டாவிட்டால் எத்தனையாவது நாள் பெயர் நீக்கப்படும். பிறகு முப்பத்திரண்டு கேள்விகள் கேட்டு, 'இவற்றுக்குப் பதில் கிடைத்த பின்னரே தங்கள் பீஸ் இன்னது எனத் திட்டமாகக் கூற இயலும்' என்று முடித்தேன். அவன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள், அதாவது விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி ஜூன் 20 சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்பதும், அரைச் சம்பளச் சலுகைக்கும் அதே தேதிக்குள் மனுப் போட வேண்டும் என்பதும், ஒன்பதாம் பக்கத்தில் வைப்புத்தொகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. மொத்தம் பதினொரு புல்ஸ்கேப் பக்கம். ஒரு விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்து வைத்தேன். பழி பழிதான், நடைமுறை நடைமுறைதான்.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். கவரில் ஸ்டாம்பு ஒட்டவில்லை. ஒட்டாத கவருக்கு வாங்குகிறவன் இரட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கவர் போன தபால் பையைத் தூக்கிய தபால்காரர் முனிசாமிக்கு இடுப்புப் பிடித்து மூன்று நாள் லீவு. மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கிறது.

வாங்குகிறவன் மறுத்தால் கவர் அனுப்பியவனிடமே திரும்பும், கட்டணத்தை அனுப்பியவனே கட்ட வேண்டும். இந்த விதியை நான் மறந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை நான் நாஸ்தாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து முனிசாமி வந்தார். பிரின்சிபால் உலகநாதன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"காலேஜு கவரு சார். கடப்பாக்கத்துல வாங்க மாட்டேன்ட்டாங்கோ. டப்பு நீங்கதான் குடுக்கணும்."

உலகநாதன் தன் பையிலிருந்து கொடுத்தார். பிரித்தார். பதினொரு பக்கமும் நின்றபடியே படித்தார். நான் ஏப்பம் விட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"ராஜகோபாலன், கடைசித் தேதி என்றைக்கு?"

"நாளைக்கு சார்."

"அது இந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"ஒன்பதாம் பக்கத்தில்..."

"பஸ் ஏறு. நேரில் கொடு. பூர்த்தி செய்த விண்ணப்பத்தோடு நாளை ஐந்து மணிக்குள் இங்கே வா. அவன் சீட்டு போனால் உன் நாற்காலியும் போகும்."

அச்சரப்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வழி கேட்கத் தேவைப்படவில்லை. மூக்கே கூட்டிப் போனது. முனீரின் அத்தா பஷீருதீன் கருவாட்டு வியாபாரி. கடற்கரை மணலில் ஒரு ஏக்கருக்கு நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. நாற்பது பெண்கள் அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கருவாட்டைப் படத்தில்கூடப் பார்க்காத வம்சம்.

"ஸ்டாம்பு ஒட்டாத கவரா? அத்த அனுப்பின ஆளு நீதானா?" என்றார் பஷீருதீன். "எங்க யாவாரத்துல அப்டி கவரு வந்தா சரக்கு கெட்டுப்போச்சி, துட்டு திருப்பிக் குடுன்னு அர்த்தம். எவனும் கைல தொட மாட்டான்."

"உங்கள் பையன் எழுதியது மட்டும் மரியாதையா? ஒரே வார்த்தை!"

முனீர் முன்னே வந்தான். ஒல்லியான பையன், காதில் பென்சில். "அத்தாவுக்கு மண்டிக் கார்டெல்லாம் நான்தான் எழுதறேன் சார். மெட்ராஸ் மண்டிக்கு 'நெத்திலி?'ன்னு எழுதினா அவங்க ரேட்டு மட்டும் எழுதி அனுப்புவாங்க. அப்டித்தான் எழுதினேன்."

"ரேட்டு கேக்கறப்போ ஐயா கொய்யான்னு எழுதறவன் கடன் கேக்கறான்னு அர்த்தம், ஐரே," என்றார் அப்பா. "சரி, வந்ததுக்கு நீயே படி. எனக்குப் படிக்கத் தெரியாது. இவன் படிச்சா பீஸக் கொறச்சிச் சொல்லி ஏமாத்துவான்."

ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதன்மேல் உட்கார்ந்து என் பழியை நானே உரக்கப் படித்தேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் என் தொண்டை காய்ந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு காக்கை என் தோளில் வந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தது.

"இன்னா ஐரே, இம்மாம் நேரமா படிச்சிகினு கீறே, பீஸு எவ்ளோன்னு இன்னும் வர்லியே?" என்றாள் எல்லம்மாள் என்கிற கிழவி.

"அது பதில் வந்த பிறகு..."

"எழுதினவன் கைல கட்டி மொளைக்க! இவ்ளோ எழுதறப்போ அத்த எழுத முடியலியாமா?"

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் காக்கை பறந்துவிட்டது.

ஒன்பதாம் பக்கம் வந்தது. 'ஜூன் இருபது' என்று படித்ததும் முனீர் எழுந்து நின்றுவிட்டான்.

"சார், அது நாளைக்கு இல்ல?"

சிரிப்பு நின்றது. நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். பஷீருதீன் கேட்டார்: "எம்புள்ள சீட்டு போயிருக்கும். இல்லியா?"

பேனாவை எடுத்தேன். முப்பத்திரண்டு கேள்விகளில் இரண்டு மட்டும் கேட்டேன். இரண்டாவது குரூப், சயின்ஸ். ஹாஸ்டல் வேண்டும். "முதல் டெர்முக்கு ஐம்பத்தெட்டு ரூபாய். ஹாஸ்டல் தனி. சலுகை கிடைத்தால் சம்பளத்தில் பாதி குறையும்," என்றேன். கூடை மேலேயே படிவத்தைப் பூர்த்தி செய்தோம். அவன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ஓடிப்போய் எடுத்து வந்தான். சலுகை மனுவை நானே எழுதினேன், ஆறு வரியில். அப்பா கைநாட்டு வைத்தார்.

அதற்குள் கடைசி பஸ் போய்விட்டதால், மறுநாள் மூன்று மணிக்குத்தான் உலகநாதன் மேஜையில் வைத்தேன். என் மேல் வீசிய கருவாட்டு வாசனைக்கு அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ்ஸைத் துரத்தி வந்த பதினேழு பூனைகள் அப்போது வாசலில் உட்கார்ந்திருந்தன. அவற்றில் நான்கு எங்கள் லைப்ரரியிலேயே தங்கிவிட்டன.

முனீருக்கு இடம் கிடைத்தது. சலுகையும் கிடைத்தது. விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சேர்ந்த மறுவாரம் அவனிடமிருந்து மனு வந்தது. சனி, ஞாயிறு ஊருக்குப் போய்வர பஸ் பாஸுக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டுமாம். 'மகா கனம் பொருந்திய' என்று ஆரம்பித்துப் பதினான்கு பக்கம். என்ன வேண்டும் என்பது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. மனு என்றால் நான் முழுதும் படிக்க வேண்டும், நம்பர் போட வேண்டும், பைல் செய்ய வேண்டும், எழுத்தில் பதில் தர வேண்டும். இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு மனுக்கள். ஒன்றிலும் மரியாதைக் குறைவு கிடையாது. பீரோ போதாமல் புது பீரோ வாங்கினார்கள். எனக்குக் கண்ணாடி வந்தது.

இன்டர்மீடியட் பரீட்சை முடிந்த அன்றே, அவன் கேட்காமல், அவனுடைய டி.சி.யை எழுதிக் கையெழுத்தும் வாங்கி என் டிராயரில் தயாராக வைத்தேன்.

அவன் அதை வாங்க வரவில்லை. பி.எஸ்ஸி.க்கும் எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டான்.