உள்பை ஸிப்

ஜாஸ்மி அன்று போனில் அழுதாளா, இல்லை பேசாமல் இருந்ததை நான்தான் அழுகை என்று நினைத்துக்கொண்டேனா, இப்போது நிச்சயமில்லை. நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "இது டூப்ளிகேட்."

குழித்துறையில் லிஜா, பழைய பிராண்டட் பைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். படங்களைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வது என் வேலை. குவைத்தில் ஒரு வயதான அம்மாவை ஏழு வருடம் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஜாஸ்மி. கிளம்பும்போது அந்த அம்மா தன் கையாலேயே கொடுத்த, விலை கூடிய மெரிலோ கம்பெனிப் பை அது. லிஜா மூலம் அதை விற்று, ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டிய மொழித் தேர்வை எழுத நினைத்திருந்தாள்.

மெரிலோவின் ஸிப் தலையில் கம்பெனிப் பெயர் ஆழமாக வெட்டியிருக்கும். ஜாஸ்மி அனுப்பிய படத்தில் ஸிப் தலை மொட்டையாக இருந்தது. அதோடு முடித்துவிட்டேன்.

"அப்போ அந்தம்மா என்னைய ஏமாத்துனாங்களாக்கா? ஏழு வருசம் பாத்ததுக்கு?"

அந்தக் கேள்விக்கு ஒரு ஸிப்பை வைத்துப் பதில் சொல்லிவிட்டோமோ என்று உறுத்தியது.

"வெயில்ல வச்சு உள்ள எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பு மக்கா," என்றேன்.

படங்கள் வந்தன. உள்துணியில் இலை அச்சு, தையலை ஒட்டி ஒரே நேராக ஓடியது. மை எங்கும் பரவவில்லை. தோல் பட்டையில் எழுத்துகள் சம ஆழத்தில் பதிந்திருந்தன. அதன் கீழிருந்த எண்ணின் கடைசிப் பகுதி, அந்த மாடலின் எண்ணேதான். உள்பையின் சின்ன ஸிப்பைப் பெரிதாக்கினேன். கம்பெனிப் பெயர் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. மேல் ஸிப்பின் ஓரத்தில் புதுத் தையலுக்குப் பக்கத்திலேயே பழைய ஊசித் துளைகள் வரிசையாக நின்றன.

"மேல் ஸிப்பை மாத்துனியா?"

"ஆமாக்கா. பல்லு ரெண்டு போச்சு. விக்கப்போற சாமானாச்சேன்னு களியக்காவிளை பை கடையில குடுத்து நல்லதாப் போட்டேன். பழசை அவரு குப்பையில போட்டுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏட்டி, அதைச் சொல்லண்டாமா? பை அசலு. அந்தம்மா உன்னைய ஏமாத்தல."

பழைய ஊசித் துளைகளை வட்டமிட்டு அவளுக்கே படத்தைத் திருப்பி அனுப்பினேன்.

லிஜாவிடம் என் தவறைச் சொன்னேன். "எக்கா, ஒங்க மாப்பிளையையும் தையலு பாத்துத்தான் கெட்டுனியளா?" என்றாள். பிறகு, "மேல் ஸிப் மாத்துனதுன்னு தெளிவாப் போடணும், கேட்டியளா," என்றாள்.

அப்படியே போட்டோம். நாகர்கோவில் டாக்டர் ஒருத்தி எல்லாப் படங்களையும் பார்த்து, கொஞ்சம் விலை குறைத்து வாங்கிக்கொண்டாள். ஜாஸ்மி தேர்வு எழுதித் தேறினாள். இப்போது விசாவுக்குக் காத்திருக்கிறாள். லிஜா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை எடுத்திருக்கிறாள். நான் அவளுக்கு இன்னும் படம் பார்த்துக் கொடுக்கிறேன்.