வழுக்கிக்கொண்டு போன நடை

வீடியோவில் இருபத்தைந்து பிரேமுக்கு ஒன்று என்று எடுத்து ஓட்டினேன். முதல் பத்து நொடியிலேயே எனக்குக் குமட்டியது. சுவர் இடமும் வலமும் எகிறுகிறது, வானம் குதிக்கிறது, நடைபாதை எங்கேயோ ஓடி ஒளிகிறது. குடித்துவிட்டு ஓடுகிறவன் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது.

அது அண்ணி நடந்த நடை. எங்கள் குடியிருப்பு வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த நிறுத்தம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டதற்கு, பத்து நிமிட நடைதானே என்றார்கள். அவர்கள் காரில் போய்ப் பார்த்திருப்பார்கள். அண்ணிக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை செய்தது இன்னும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. இந்த நடை தொடர்ந்தால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தத்தை எடுத்தது பற்றி வியாழக்கிழமை விசாரணை. எங்கள் தரப்புக்கு இரண்டு நிமிடம். பேசலாம், அல்லது ஏதாவது காட்டலாம்.

காட்டுவோம் என்று வாயைக் கொடுத்தது நான்தான். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற எனக்கு இதென்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. அண்ணியின் மார்பில் கேமராவைக் கட்டி, வீட்டு வாசலிலிருந்து அந்த நிறுத்தம்வரை நடக்க விட்டேன். முக்கால் மணி நேரக் காட்சி. அதை இரண்டு நிமிடமாகச் சுருக்கத்தான் இப்போது முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்படி எண்ணி எண்ணி எடுத்தா எப்படி வரும்?" என்றான் டிரோன். ஸ்டுடியோ அவனுடையது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் டிரோனைப் பறக்கவிடாமல் திரும்பமாட்டான். அதனால் அந்தப் பெயர். "ஒரு பிரேம்ல இடது கால் ஊனியிருக்கும், அடுத்ததுல வலது கால். கேமரா அப்ப ஆடத்தானே செய்யும். சரியா இருபத்தஞ்சுதான்னு பிடிவாதம் பிடிக்காத. முன்ன பின்ன தேடி, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற பிரேமா எடுக்கச் சொல்லு."

அவன் சொன்னது சரி என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. மென்பொருளில் அந்த வசதியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அது ஆமை வேகத்தில் கணக்குப் போட்டது. பாதி வழியில் ஒரு தடவை செத்துப்போனது. மறுபடி முதலிலிருந்து. பிறகு மிச்ச ஆட்டத்தைச் சரிசெய்ய நிலைநிறுத்தும் வேலையைக் கொடுத்தேன். அதிகமாகக் கொடுத்துவிட்டேன் போல, கட்டடங்கள் ஜெல்லி மாதிரி நெளிந்தன. குறைத்தேன். ஓரத்தில் கறுப்பு தெரிந்தது. நான்கு பக்கமும் வெட்டினேன். மதியச் சாப்பாடு பெட்டியிலேயே ஆறிப்போனது.

கடைசியில் வந்தது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். தெரு அப்படியே மிதந்து வருகிறது. டிரோன் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி போகுது" என்றான். அவன் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அண்ணனையும் அண்ணியையும் ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லி, சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். அண்ணனுக்குக் கார் கொஞ்சம் வளைந்தாலே வயிற்றைப் புரட்டும். அவனே முகம் சுளிக்காமல் முழுசாகப் பார்த்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படிண்ணா இருக்கு?"

"ரோடு நல்லாத்தானே இருக்கு," என்றான்.

தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்துவிட்டது. அண்ணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"இது நான் நடந்தது இல்லம்மா. கால் நல்லா இருக்கிறவ யாரோ நடக்கிறா."

"நீங்கதான் அண்ணி. உங்க வீடியோதான்."

"அந்த மருந்துக்கடைச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, அது எங்க? நடைபாதை உடைஞ்சு ரோட்டுல இறங்கி நடந்தேனே, அது எங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழு நாளும் இதில் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். ஆனால் மூலக் காட்சியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது அந்தக் கோபம் என்மேலேயே திரும்பி விழுந்தது. அண்ணி வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, கேமராவும் சாய்கிறது. மென்பொருள் சமர்த்தாக இடது கால் ஊன்றிய பிரேம்களை மட்டும் பொறுக்கியிருக்கிறது. நொண்டல் போய்விட்டது. வலி தாங்காமல் அவள் குனிந்து நின்ற இடங்களில் கேமரா தரையைப் பார்க்கிறது. அந்தப் பிரேம்கள் முன்னே பின்னே உள்ளவற்றோடு ஒத்துப்போகாது. அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஓரம் வெட்டியதில் அடிப்பகுதியும் போய், உடைந்த நடைபாதையும் போய்விட்டது. எதைக் காட்டக் கிளம்பினோமோ அதையெல்லாம் வழித்துத் துடைத்து வைத்திருந்தேன்.

"அப்ப முதல்ல எடுத்ததையே காட்டிரலாமே. ஆட்டமாவது இருக்கும்," என்றான் அண்ணன்.

போட்டேன். கால்வாசியில் எழுந்து வெளியே போய்விட்டான். அதிகாரிகளும் அதைத்தான் செய்வார்கள். பார்க்க முடியாததைக் காட்டி என்ன பயன்? பார்க்க முடிவதோ பொய். அண்ணி முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"வேகமா போற இடத்தை அப்படியே வழவழன்னு விட்டுரு," என்றான் டிரோன். "கண்ணு வலிக்காது, எங்கிருந்து எங்க போறாங்கன்னு புரியும். உனக்குத்தான் இன்னும் அம்பது நொடி கையில இருக்கே. அவங்க கஷ்டப்பட்ட இடத்தை அதுல நிஜ வேகத்துல போடு."

அவ்வளவுதான் விஷயம். வேகமாகப் போகிற பகுதிகளைத் தொடவில்லை. வெட்டுவதை மட்டும் வானத்துப் பக்கம் தள்ளி, தரை தெரியும்படி வைத்தேன். உடைந்த நடைபாதையில் அவள் இறங்குகிற இடத்தில் நிஜ வேகத்துக்குக் கொண்டுவந்தேன். நிலைநிறுத்தல் கிடையாது. அங்கே நொண்டல் நொண்டலாகவே தெரிந்தது. நெடுஞ்சாலையைக் கடக்கக் காத்திருந்ததிலிருந்து கொஞ்சம். மருந்துக்கடைச் சுவரில் சாய்ந்து நின்றது மட்டும் இருபது நொடி, அவள் மூச்சுச் சத்தத்தோடு. மற்ற இடங்களில் சத்தமே இல்லை.

"இருபது நொடி சும்மா தரையையா காட்டுவ? போரடிக்கும்," என்றான் டிரோன்.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டேன். அவன் அண்ணி பக்கம் திரும்பி, "தினமுமா அங்க நிக்கிற?" என்றான்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் நேரத்தைத் தின்றுவிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தெரு வழுக்கிக்கொண்டு போனது. அவர் தலையாட்டியபடி பார்த்தார். பத்து நிமிட நடைதானே என்று அவர் மனசுக்குள் ஓடுவது எனக்குக் கேட்டது.

நடைபாதை உடைந்த இடத்தில் படம் தடாலென்று கனத்துக் குலுங்கியது. கொஞ்சம் நிமிர்ந்தார். மறுபடி வேகம். பிறகு மருந்துக்கடைச் சுவர். படம் கவிழ்ந்து, அசையாத சிமென்ட் தரையும் ஒரு செருப்பு நுனியும் மட்டும் திரையில் இருந்தன.

அதிகாரி சில நொடி பார்த்துவிட்டு மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு போல."

"ஆகல சார்," என்றாள் அண்ணி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வலி குறையட்டும்னு நிக்கிறேன். கொஞ்சம் பொறுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தப் போய் நகர்த்தாமல் விட்டார்கள். நான் வெட்டி வைத்த இருபது நொடி எனக்கே முடியமாட்டேன் என்றது.

"இங்கேருந்து இன்னும் எவ்ளோ தூரம்மா?"

"இது பாதி சார்."

செருப்பு நுனி நகர்ந்தது. தெரு மறுபடி நிமிர்ந்து ஓட ஆரம்பித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த உதவியாளர் பக்கம் சாய்ந்து, "இவங்க குடியிருப்பு வாசல்ல கழட்டின பஸ் ஸ்டாப் போர்டை எங்க போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.