உப்புப் போட்ட பெட்டி

என் கொழுந்தனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தனக்கு ஒன்றும் தெரியாது என்பது. பதினோரு வருடம் தள்ளுவண்டியில் குச்சி ஐஸ் விற்றவர். தன் பெட்டியில் எதுவும் உருகியதே இல்லை என்று இன்றைக்கும் பெருமையடிப்பார். எல்லாரும் ஐஸ்காரர் என்றே கூப்பிட்டோம். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் பட்டியில் ஐம்பத்திரண்டு செம்மறி ஆடுகள். நாற்பது என்னுடையவை, மீதிப் பன்னிரண்டும் அவர் மனைவியுடையவை. மழைக்குப் பிறகு இளம்புல்லை வயிறு முட்ட மேய்கிற ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். காலையில் நன்றாக நின்ற ஆடு சாயங்காலம் துள்ளி விழுந்து செத்துப்போகும். வந்தபின் வைத்தியம் பார்க்க நேரமே கிடைக்காது. அதனால் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவோம்.

இந்த வருடம் மருந்து வாங்க நான் கிளம்பினேன். ஐஸ் பெட்டியைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று ஐஸ்காரர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். என் கணவர் வழக்கம்போல மோவாயைத் தடவினார். இந்த வீட்டில் அவர் தீர்ப்புச் சொல்கிற முறை அதுதான்.

கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், ஐஸைத் தாளில் சுற்றி வைக்க வேண்டும், பாட்டில் ஐஸைத் தொடவே கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். அந்த ஆளுக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு, நம்மவர் தாளைக் கசக்கி எறிந்தார். ஐஸை உடைத்துக் கல்லுப்புக் கலந்து, இரண்டு பாட்டில்களையும் நடுவில் புதைத்துவிட்டார். உப்புக் கலந்த ஐஸின் குளிர் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு கடுமை. குச்சி ஐஸுக்கு அது சரி.

பட்டியில் வந்து பெட்டியைத் திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாருங்க அண்ணி, கல்லு மாதிரி இருக்கு. ஒரு சொட்டு உருகல."

லேபிளைப் படித்தேன். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவும், உறையவிடக் கூடாது, ஆட்டுக்கு இரண்டு மில்லி, ஐம்பது ஆடுகளுக்கு. வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் விரல் காலாவதித் தேதியிலேயே நின்றது. இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறதாம். தேதி பார்க்கத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாதாம். குளிரில் கெட்டுப்போன மருந்தைத் தேதி காப்பாற்றாது என்றால் அந்த மண்டையில் ஏறவா போகிறது?

பாட்டில்களை வெயிலில் வைத்து உருக்கினார். குலுக்கி வைத்தால் சீராகக் கலங்கி நிற்க வேண்டிய மருந்து, திரிந்த பால் போலத் திப்பிதிப்பியாக அடியில் இறங்கியது. இது வெறும் தண்ணீருக்குச் சமம், கொட்டிவிடுங்கள் என்றேன். அவர் பாட்டில்களைப் பட்டிச் சுவர்மேல் வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் நானே போனேன். ஐஸ் கட்டிகளைத் தாளில் சுற்றி, பெட்டிக்குள் வெப்பமானியும் வைத்து ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். நான்கு டிகிரி காட்டியது. என் நாற்பது ஆடுகளுக்கும் தோலுக்கடியில் போட்டு முடித்தேன். திறந்த பாட்டிலை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தைக் கம்பவுண்டர் சொன்ன முறைப்படி அன்றைக்கே அழித்தேன்.

சுவரைப் பார்த்தேன். அந்த இரண்டு பாட்டில்களும் இல்லை. எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். போட்டுக்கொள்ளட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். மனதுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

மூன்று வாரத்தில் மழை வந்தது, புல் வந்தது. ஐந்து நாளில் பன்னிரண்டில் ஏழு ஆடுகள் போயின. என்னுடையதில் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. ஐஸ்காரருக்குப் புத்தி வந்ததா? கம்பெனிக்காரன் மோசம் என்று சாபம் விட்டுக்கொண்டிருந்தார். ஆடுகள் அவருடையவை அல்லவே.

என் ஓரகத்தி அழவில்லை. சுண்ணாம்பு தூவிப் புதைத்த குழியை மூடிவிட்டு, மண் கையோடு என்னிடம் வந்தாள். ஊசி போட்டாயிற்று என்று அவர் சொன்னதை நம்பியிருந்தாளாம். உறைந்த மருந்து விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்ததாம். அவரைப் பற்றி வசைபாட நான் வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அவர விடுங்கக்கா. நீங்க கொண்டுவந்த பாட்டில் எத்தன ஆட்டுக்கு?"

"அம்பது."

"உங்க ஆடு நாப்பதுதானே?"