பதிவாகாத இருமல்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அந்த வாயாடியின் வாய்மொழித் தேர்வுப் பதிவில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. படங்கள் ஒழுங்காக நகர்ந்தன, மூலைக் கட்டத்தில் அவள் உதடுகள் அசைந்தன, குரலைத்தான் காணோம். மடிக்கணினித் திரையைப் பதிவு செய்யும் செயலியில் மைக் அணைந்தே இருந்திருக்கிறது. பத்து நொடி பேசிக் கேட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள் என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டது, கோப்பை அனுப்பிய பிறகு நினைவுக்கு வந்து என்ன பயன்?

மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். டீச்சருக்கு எழுத அப்பாவின் போன் மட்டுமே உண்டு. அதில் தட்டினாள்: "மிஸ், மன்னிக்கவும். என் பதிவு கெட்டுவிட்டது. நான் பேசும்போது அப்பா இருமிக்கொண்டே இருந்தார். நாளை மாலைக்குள் மறுபடி பதிவு செய்து அனுப்பட்டுமா?"

அப்பாவுக்கு மரப்பட்டறையில் வேலை. நெஞ்செல்லாம் மரத்தூள். அன்று அடுப்படிக்குள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டே முறை இருமினார், பாவம். டீச்சர் கோப்பைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்பது அவசரத்தில் இந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

காலையில் போன் அவரோடு பட்டறைக்குப் போய்விட்டது. அவர் படித்துவிடுவாரோ என்று பகல் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் வந்தவர் எப்போதும்போலச் செருப்பைக் கழற்றினார். "மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா. மைக்கை ஒரு தடவை சரிபாத்துட்டு எடு" என்று போனை மேசையில் வைத்தார். களைப்பாறக்கூட உட்காரவில்லை. கழற்றிய செருப்பையே மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவள் மைக்கைத் தட்டி எழுப்பினாள், பத்து நொடி பேசிக் கேட்டாள், பிறகு முழுவதையும் தங்குதடையின்றிப் பேசி முடித்தாள். கோப்பை ஏற்றிவிட்டு, டீச்சருக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

அவள் செய்திக்குக் கீழே, அவள் எழுதாத ஒன்று இருந்தது. "வணக்கம் டீச்சர். நான் அவ அப்பா. தப்பு என்னோடது. என் இருமலுக்காகப் புள்ளைக்கு மார்க்கைக் குறைச்சிடாதீங்க. இந்தத் தடவை நான் வீட்டில இருக்க மாட்டேன்."

அதற்கு டீச்சரின் பதில்: "ஐயா, அதில் உங்கள் இருமல் பதிவாகவே இல்லை. மைக்கே போடவில்லை. இன்று மாலைக்குள் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்."

பதில் மதியமே வந்திருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் படியிறங்கியிருக்கிறார். வெட்கத்தில் அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தெருவின் எதிர்ப்பக்கம், மூடிய கடை வாசலில், அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார்.

"அப்பா, முடிஞ்சிடுச்சு. மேல வாங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா கேக்குதாம்மா?" என்றார்.